சாஞ்சித் தூபியைச் சுற்றி வருமுன்: ஈரோட்டுப் பயணக் குழுவில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

பழைய பௌத்தத் தூபிகள் இருக்கிற மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சிக்கு ஈரோட்டிலிருந்து இரண்டு முறை குழுவாகப் போய் வந்தோம். இரண்டு முறையும் ரயிலில் பாதி வழி வரை என்னிடம் கேட்கப்பட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். மூன்றாவது குழு கிளம்பப் போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, தூபின்னா கோயிலுங்களா, சமாதிங்களா?

பிறப்பால் சமாதி, வழக்கத்தால் வழிபாட்டு இடம். இறந்தவரின் எலும்பையோ சாம்பலையோ வைத்து மேலே மண்ணைக் குவிக்கிற பழக்கம் புத்தருக்கு முன்பே இருந்தது. புத்தர் மறைந்தபின் அவருடைய எலும்பு மிச்சங்களை எட்டுப் பங்காகப் பிரித்து எட்டு இடங்களில் தூபி எழுப்பினார்கள் என்று பாலி நூல்கள் சொல்கின்றன. பேரரசருக்குச் செய்வது போல நாலு சாலை கூடுகிற இடத்தில் தூபி கட்டுங்கள் என்று புத்தரே தம் சீடர் ஆனந்தரிடம் சொன்னதாகவும் அதே நூலில் வருகிறது. நாலு சாலை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாசல்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கக் கொடுமணலைச் சொல்வேன். சென்னிமலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே தரையில் வட்டமாகக் கல் நட்டு, நடுவில் கற்குவியலுக்கு அடியில் ஈமப் பேழை வைத்திருக்கிறார்கள். கொடுமணலுக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் நடுவில் ஒரு குவியல், சுற்றிலும் ஒரு வட்டம் என்ற எண்ணத்தை அங்கே போய்ப் பார்த்தவருக்குச் சாஞ்சியை விளக்குவது சுலபம்.

உள்ளே போக வழி எங்க இருக்குதுங்க?

கிடையாது. உள்ளே அறை இல்லை, கருவறை இல்லை, முழுக்கக் கெட்டி. முதல் குழுவில் ஒரு பெரியம்மா தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தார். ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு “கதவையே காணோமே கண்ணு” என்றார். அவர் செய்த அந்தச் சுற்றுதான் அங்கே வழிபாடு. நம் கோயிலில் பிரகாரம் சுற்றுவது தரிசனத்துக்கு முன்னோ பின்னோ வருகிற ஒரு பகுதி. தூபியிலோ சுற்றுவதுதான் எல்லாமே. மற்ற ஒவ்வொரு உறுப்பும் அந்த நடைக்காக அமைந்தது என்று எடுத்துக்கொண்டால் அமைப்பு முழுவதும் தானாகப் புரியும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் பேரு என்னங்க? எளிமையாச் சொல்லுங்க.

கீழிருந்து மேலே போவோம். தரையில் கல் பாவிய சுற்றுப்பாதை, அதன் வெளி ஓரத்தில் கல் வேலி. இந்த வேலிக்கு வேதிகை என்று பெயர். வேலியின் நான்கு திசைகளிலும் நான்கு வாசல் தோரணங்கள். பாதைக்கு உட்புறம் தூபியின் அடித்தளம், திண்ணை போல வட்டமாக உயர்ந்து நிற்கும், அதுதான் மேதி. தெற்குப் பக்கத்தில் இருபுறமிருந்தும் ஏறுகிற படிகள் மேதியின் மேல் கொண்டுபோய் விடும். அங்கே இரண்டாவது சுற்றுப்பாதை, அதற்கும் ஒரு சின்ன வேலி.

மேதியின் மேல் பெரிய அரைக்கோளம். அதன் பெயர் அண்டம். உச்சியைக் கொஞ்சம் சீவிச் சமதளமாக்கி, அங்கே ஒரு சதுர வேலி நட்டிருக்கிறார்கள், அது ஹர்மிகை. அதன் நடுவில் ஒரு கல் தண்டு, தண்டில் மூன்று வட்டக் குடைகள். அவ்வளவுதான். சாஞ்சியின் பெரிய தூபி சுமார் 16.5 மீட்டர் உயரம், குறுக்களவு சுமார் 36.6 மீட்டர். உயரத்தைவிட அகலம் இரண்டு மடங்குக்கு மேல். போட்டோவில் பார்த்து உயரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நேரில் கொஞ்சம் ஏமாறுவார்கள். சுற்ற ஆரம்பித்ததும் அந்த ஏமாற்றம் போய்விடும்.

அண்டம்னா முட்டைதானே? ஏன் முட்டை?

தமிழில் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் ஏற்கனவே இருக்கிறது. அண்டம் என்றால் நமக்கு முட்டையும்தான், உலகமும்தான். உயிரை உள்ளே மூடி வைத்திருக்கிற ஓடு என்றும், வானத்தைக் கவிழ்த்த வடிவம் என்றும் இரண்டு விதமாகவும் விளக்குகிறார்கள். இலங்கையில் தூபியைத் தாகபை என்பார்கள், ‘தாது கர்ப்பம்’ என்பதிலிருந்து வந்த சொல். தாது என்றால் எலும்பு மிச்சம். முட்டை என்றாலும் கர்ப்பம் என்றாலும் உள்ளே ஒன்று காக்கப்படுகிறது என்ற பொருள் மாறவில்லை.

ஒரு எச்சரிக்கை. நடுத்தண்டு மேருமலை, அண்டம் பிரபஞ்சம் என்று அடித்துச் சொல்கிற விளக்கங்கள் நிறைய உண்டு. அவற்றில் பல பிற்காலத்து நூல்களிலிருந்தும் இந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களிடமிருந்தும் வந்தவை. சாஞ்சியில் கல் செதுக்கியவர்கள் ‘இதற்கு இது பொருள்’ என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கல்லில் வெட்டிவைத்தது வேறு ஒன்று, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

யூடியூப்ல பஞ்சபூதம்னு சொல்றாங்களே: அடி சதுரம் நிலம், நடு உருண்டை நீர், மேலே கூம்பு நெருப்புன்னு?

அது திபெத்துக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் உரிய மரபில் சரி. அங்கே தூபி பல அடுக்காக, கூர்மையாக எழும். சதுரம், உருண்டை, கூம்பு, பிறை, மணி என்று ஐந்து வடிவமும் உண்மையிலேயே அங்கே இருக்கும். சாஞ்சியில் அடித்தளமே வட்டம், கூம்பும் இல்லை, பிறையும் இல்லை. பல நூறு வருஷம் கழித்து வேறு நாட்டில் வந்த விளக்கத்தை இதன் மேல் ஒட்ட முடியாது. வீடியோவில் காட்டுகிற படம் எந்த ஊர்த் தூபி என்று முதலில் பாருங்கள். கூர்மையான கோபுரம் தெரிந்தால் அந்த விளக்கம் சாஞ்சிக்கு ஆகாது.

மேலே எதுக்குங்க குடை? மழைக்கா?

மரியாதைக்கு. நம் ஊர்த் தேரோட்டத்திலும் உற்சவர் புறப்பாட்டிலும் குடை பிடிக்கிறோமே, அதே வழக்கம்தான். அரசனுக்குப் பிடிக்கிற குடையைத் தாதுவுக்குப் பிடித்திருக்கிறார்கள். ஒரு குடைக்குப் பதில் மூன்று இருப்பதற்கு புத்தர், தம்மம், சங்கம் என்று காரணம் சொல்வது வழக்கம்.

குடையைவிட அதன் அடியில் உள்ள சதுர வேலிதான் எனக்குச் சுவாரசியம். ஊர் அரசமரத்தடி மேடையை நினைத்துப் பாருங்கள். போதி மரமும் அரசமரம்தான். சாஞ்சியின் தோரணச் சிற்பங்களிலேயே போதி மரத்தைச் சுற்றி வேலியும் மேலே குடையும் செதுக்கியிருக்கிறார்கள். புனிதமான ஒன்றைக் கண்டால் சுற்றி வேலி கட்டு, மேலே குடை பிடி என்பது அந்தக் காலத்து மொழி. தூபியின் உச்சியில் நிற்பது அந்த மொழியில் எழுதிய ஒரு வரி.

கல்லுல எதுக்கு மரவேலி மாதிரியே செஞ்சிருக்காங்க?

நல்ல கண். சாஞ்சி வேலியைக் கிட்டே போய்ப் பார்த்தால் தச்சு வேலை அப்படியே தெரியும். நிற்கிற தூண்களில் துளை போட்டு, குறுக்குக் கற்களை அதில் செருகியிருக்கிறார்கள். குறுக்குக் கல்லின் பெயர் சூசி, அதாவது ஊசி. நூல் கோத்த மாதிரி தூணுக்குள் போவதால் அந்தப் பெயர். மேலே நீளமாக ஓடுகிற மூடுகல்லுக்கு உஷ்ணீஷம், அதாவது தலைப்பாகை. கல்லைக் கல்லோடு சேர்க்க இவ்வளவு துளைபோடும் வேலை தேவையே இல்லை. மரத்தில் பழகிய கை கல்லுக்கு வந்ததால்தான் இப்படி. முன்பு மரவேலி இருந்தது, பிறகு அதே வடிவத்தில் கல் வந்தது என்றுதான் அறிஞர்களும் படிக்கிறார்கள்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வேலி இல்லாமல் காடு இல்லை, வேலியில் ஒரு படல் இல்லாமல் உள்ளே போக முடியாது. தோரணமும் படலின் பெரியண்ணன்தான்: இரண்டு கம்பம், மேலே குறுக்கே மூன்று உத்தரம். கம்பத்தின் தலையில் யானையும் சிங்கமும் குள்ளர்களும் சுமப்பது போல அலங்காரம், சுமார் 10 மீட்டர் உயரம் என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாஞ்சியின் தரை வேலி ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், அலங்காரமே இல்லாத வெறும் கல். பார்குத் என்ற இன்னொரு பழைய பௌத்தத் தூபியின் வேலி, இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, முழுக்கச் சிற்பம். சாஞ்சியில் சிற்பம் தோரணத்தில் குவிந்திருக்கிறது. வேலிக்குள் நுழைந்துவிட்டால் இருபுறமும் மொட்டையான கல்தான். கண்ணுக்கு வேலை வெளியிலேயே முடிந்துவிடுகிறது, உள்ளே கால் மட்டும் நடக்கிறது. வேண்டுமென்றே செய்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் நடக்கும்போது அப்படித்தான் இருக்கிறது.

வாசல்ல நேராப் போகாம வளைஞ்சு போக வேண்டியிருக்குதே, கட்டினவங்க தப்பாக் கட்டிட்டாங்களா?

இல்லை, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். வேலியை ஒரே வட்டமாகப் போடாமல் கால் வட்டம் கால் வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றின் முனையையும் வாசலில் வெளியே திருப்பியிருக்கிறார்கள். அதனால் தோரணத்தில் நுழைந்ததும் எதிரே வேலிதான் நிற்கும், திரும்பித்தான் பாதைக்குள் இறங்க வேண்டும். மேலேயிருந்து வரைபடத்தில் பார்த்தால் நான்கு வாசலும் சேர்ந்து ஸ்வஸ்திகம் போலத் தெரியும். அது மங்கலச் சின்னம் என்பதற்காகச் செய்ததா, கூட்டத்தையும் கால்நடையையும் தடுக்கச் செய்ததா என்று இரண்டு கருத்து உண்டு. காட்டுக் கடவுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இரண்டாவதில் கொஞ்சம் சாய்வு. சுற்றுகிறவர் நுழையும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது, அது மட்டும் நிச்சயம்.

நான்கு வாசலும் நான்கு திசைக்கு. முதல் பதிலில் சொன்ன நாலு சாலையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எந்த வாசல்ல நுழையணும்? எந்தப் பக்கமா சுத்தணும்? எத்தனை சுத்து?

பக்கம் பற்றிச் சந்தேகமே வேண்டாம், நம் சொல்லே பதில் சொல்கிறது: வலம். தூபி எப்போதும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே தூபியைப் பார்த்து நின்று இடப்பக்கம் நடக்கத் தொடங்க வேண்டும். கடிகார முள் போகிற திசை. பௌத்தர்களும் இதே பக்கம்தான். திபெத்தின் பான் மதத்தார் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றுவார்கள்.

கிழக்கு வாசலில் நுழைந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சூரியன் போகிற வழியே நடப்பதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் சாஞ்சியில் பழைய தலைவாசல் தெற்காகத்தான் இருந்திருக்க வேண்டும். அசோகர் தூண் நின்றது தெற்கு வாசல் அருகே, மேல் பாதைக்குப் போகும் படிகள் தெற்கே, நான்கு தோரணங்களில் முதலில் எழுந்ததும் தெற்குத் தோரணம்தான். எங்கள் குழுவைத் தெற்கிலிருந்துதான் நான் தொடங்கவைக்கிறேன்.

எத்தனை சுற்று என்றால் மூன்று வழக்கம், புத்தர், தம்மம், சங்கத்துக்கு ஒவ்வொன்று. தூரம் எவ்வளவு என்று மூட்டுவலிக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள். குறுக்களவு 36.6 மீட்டர், அதை 3.14-ஆல் பெருக்கினால் 115 மீட்டர். தூபியை ஒட்டியே நடந்தால் ஒரு சுற்று அவ்வளவு, பாதையின் நடுவில் நடந்தால் கொஞ்சம் கூடும். மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 350 முதல் 400 மீட்டர். பழனி கிரிவலம் போகிற காலுக்கு இது ஒன்றுமே இல்லை.

அசோகர் கட்டினதுங்கறாங்க, அப்புறம் சுங்கர், சாதவாகனர்ங்கறாங்க. யாருதான் கட்டினாங்க?

மூவரின் காலமும்தான், ஒன்றன் மேல் ஒன்றாக. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் காலத்தில் எழுந்தது செங்கல் தூபி, இப்போது இருப்பதில் ஏறக்குறைய பாதி அளவு. அடுத்த நூற்றாண்டில், சுங்கர் காலத்தில், அதைக் கல்லால் மூடிப் பெரிதாக்கினார்கள். மேல் பாதை, படி, கல்வேலி எல்லாம் அந்தக் கட்டத்தில் வந்தவை. கி.மு. 1-ஆம் நூற்றாண்டில், சாதவாகனர் காலத்தில், தோரணங்கள் வந்தன. நான்கு வாசலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் புத்தர் சிலைகள் குப்தர் காலத்தவை, கி.பி. 5-ஆம் நூற்றாண்டு.

பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவில்லை என்பதுதான் முக்கியம். உள்ளே தாது இருக்கிற இடத்தைக் கலைக்கக் கூடாது. ஆகவே பெரிதாக்க ஒரே வழி, சுற்றிலும் இன்னொரு ஓடு போர்த்துவது. நம் கோயில் திருப்பணியில் மூலவரை அசைக்காமல் சுற்றி மண்டபம் எழுப்புகிற மனசுதான் இது.

ராஜா காசுதானுங்களா எல்லாம்?

பெரும்பாலும் இல்லை. முன்பு சொன்னேனே, கல்லில் வெட்டிவைத்தது வேறு ஒன்று என்று, அது இதுதான். சாஞ்சியில் பிராமி எழுத்தில் 600-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கல்வெட்டுகள். ‘இன்ன ஊர் இன்னாரின் தானம்’ என்ற அளவில்தான் இருக்கும். பிக்கு, பிக்குணி, வணிகர், குடும்பப் பெண்கள் என்று எல்லாரும் ஆளுக்கு ஒரு தூணோ குறுக்குக் கல்லோ கொடுத்திருக்கிறார்கள். நம் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்த வேலியைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

தெற்குத் தோரணத்தில் இரண்டைத் தேடிப் பாருங்கள். மேல் உத்தரத்தில், சாதகர்ணி அரசரின் கைவினைஞர்களுக்குத் தலைவரான ஆனந்தன் தந்த தானம் என்று ஒன்று. தூணில், விதிசா நகரத்து யானைத்தந்த வேலைக்காரர்கள் செய்த செதுக்கு வேலை என்று மற்றொன்று. யானைத் தந்தத்தில் நுணுக்கமாகச் செதுக்கிப் பழகியவர்கள் என்று தெரிந்தபின் அந்தத் தோரணத்தில் இவ்வளவு உருவங்கள் ஏன் நெருக்கியடித்து நிற்கின்றன என்பது புரியும்.

இவ்வளவு சிற்பத்துல புத்தரையே காணோமே?

தோரணத்தில் அவரை மனித உருவில் காட்டவில்லை. மரமும் கீழே காலி இருக்கையும் இருந்தால் அது ஞானம் பெற்ற இடம், சக்கரம் முதல் போதனை, தூபி மறைவு. பாதச்சுவடு மட்டும் இருந்தால் அவர் அங்கே நிற்கிறார் என்று பொருள். மறைவுக்குத் தூபியே அடையாளமாகிவிட்டது என்பதால், தூபியின் வாசலிலேயே குட்டித் தூபிகளைச் செதுக்கி, அவற்றை மக்கள் மாலையோடு கும்பிடுவதையும் காட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தூபிக்கு எப்படி மரியாதை செய்தார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி அந்தச் சிற்பங்களே.

உள்ளே புத்தரோட எலும்பு இன்னும் இருக்குதுங்களா?

பெரிய தூபியில் தாது எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்தில் உள்ள 3-ஆம் எண் தூபியில் 1851-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்காம் தோண்டியபோது புத்தரின் சீடர்களான சாரிபுத்தர், மொக்கல்லானர் இருவரின் தாதுப் பேழைகள் கிடைத்தன. அவை லண்டன் போய், பிறகு திரும்பி வந்து, 1952-இல் சாஞ்சியில் புதிதாகக் கட்டிய விகாரையில் வைக்கப்பட்டன.

பெரிய தூபிக்கு அதற்கு முன்பே பெரிய சேதம் நடந்துவிட்டது. 1822-இல் ஓர் ஆங்கிலேய அதிகாரி உள்ளே புதையல் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை ஒரு பக்கத்தைப் பிளந்து பார்த்தார். இரண்டாவது பதிலில் சொன்னபடி அது கெட்டியான குவியல். ஒரு பக்கம் பிளந்தால் மழைநீர் இறங்கும், உள்ளே இருப்பது சரிந்து வெளியே தள்ளும். மேற்குத் தோரணமும் அந்தப் பக்கத்து வேலியும் விழுந்தன. 1880-களில் பிளவை மூடி விழுந்த தோரணங்களை நிறுத்தினார்கள், 1912 முதல் 1919 வரை தொல்லியலாளர் ஜான் மார்ஷல் மேற்பார்வையில் முழுமையாகச் சீர்செய்தார்கள்.

கோபுரக் கலசத்தையும் ஸ்தூபின்னுதான் நம்ம ஸ்தபதி சொல்றார். ரெண்டும் ஒண்ணா?

சொல் உறவு உண்டு, பொருள் வேறு. கோயில் விமானத்தில் அடியிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் கடைசி உறுப்பு ஸ்தூபி, அதாவது உச்சிக் கலசம். பௌத்தத் தூபியோ கட்டடம் முழுவதுக்கும் பெயர். ஸ்தபதியிடம் போய் ‘உங்க ஸ்தூபி பௌத்தத்திலிருந்து வந்தது’ என்று சண்டை போட வேண்டாம், ஒருவர் ஏற்கனவே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் போக முடியாது. இங்கேயே பார்க்க ஏதாவது இருக்குதுங்களா?

கொங்கு நாட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் சமணம்: விஜயமங்கலம் கோயில், கரூர் புகளூர்க் குகைக் கல்வெட்டுகள். பௌத்தத்துக்கு சேலம் மாவட்டம் தியாகனூரில் அமர்ந்த புத்தர் சிலைகள் இருக்கின்றன, தூபி இல்லை.

தூபியின் அங்கங்களையே பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து அமராவதிக் கூடம்தான். (அமராவதி என்றதும் உடுமலைப் பக்கத்து அணை என்று ஒருவர் பஸ் ஏறத் தயாரானார். இது ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரை ஊர்.) அங்கே தூபி நிற்கவில்லை, அதன் கற்களைத்தான் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சில பலகைகளில் முழுத் தூபியையே செதுக்கியிருப்பதால் அமைப்பு தெரிந்துவிடும். சாஞ்சியோடு வித்தியாசம் பார்க்க இரண்டு அடையாளம்: வாசலில் உயர்ந்த தோரணத்துக்குப் பதில் சிங்கங்கள் இருக்கும், நான்கு பக்கமும் அடித்தளம் மேடைபோல வெளியே நீண்டு, அதன் மேல் ஐந்தைந்து தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு ஆயகத் தூண்கள் என்று பெயர். பிறப்பு, துறவு, ஞானம், முதல் போதனை, மறைவு என்று ஐந்துக்கும் பொருள் சொல்வார்கள்.

தெற்குத் தோரணத்துல நல்ல சிற்பமெல்லாம் உள்பக்கம் திரும்பி இருக்குதே, வெளிப்பக்கம்தானே காட்டணும்?

இரண்டாவது குழுவில் ஒரு கல்லூரிப் பெண் கேட்ட கேள்வி. சரியாகத்தான் பிடித்திருக்கிறார். நான்கு தோரணங்களில் மேற்கும் தெற்கும் விழுந்து கிடந்து, முன்பு சொன்ன 1880-களின் வேலையில் திரும்ப நிறுத்தப்பட்டவை. அப்போது தெற்குத் தோரணத்தின் உத்தரங்களை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார்கள் என்று மார்ஷலே எழுதியிருக்கிறார். அதனால் வருகிறவரை நோக்க வேண்டிய முகம் இப்போது தூபியை நோக்குகிறது. வடக்குத் தோரணம் விழாமலே நின்றது. முதலில் அங்கே போய் எந்தப் பக்கம் அலங்காரம் கூடுதல் என்று பார்த்துவிட்டு, பிறகு தெற்கே வந்து வேலிக்கு உட்புறம் நின்று அண்ணாந்து பாருங்கள். சுற்றை முடிக்கும்போது திரும்பிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும்.